அவன் வாய் திறக்காததால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ, என் மகனின் பெயரையோ, அவனைக் கேலி செய்து தொல்லை கொடுக்கும் மூன்று மாணவர்களின் பெயர்களையோ இங்கே எழுதவில்லை. நான்கு பேருமே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். படித்த உடனே யாரைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். அது போதும்.

இதைப் பற்றி நான் கொடுத்த புகாருக்கு, சென்ற வாரம் வகுப்பு ஆசிரியை மூலமாக உங்கள் முடிவு எனக்கு வந்தது. விசாரித்துப் பார்த்ததில் துன்புறுத்தல் என்று எதுவும் தெரியவில்லை, பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம், அதனால் அவனை 'ஏ' பிரிவிலிருந்து 'சி' பிரிவுக்கு மாற்றுகிறோம், புது வகுப்பில் சரியாகிவிடுவான் என்றார்கள். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை உங்கள் அறையில் சொல்லப் பார்த்தேன், நேரம் கிடைக்கவில்லை. பிள்ளையை உங்கள் வேனில் அனுப்பும் மற்ற பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த விசாரணையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்கிழமை, இரண்டாவது பீரியடில் என் மகனை உங்கள் அறைக்குக் கூப்பிட்டீர்கள். அந்த மூன்று மாணவர்களையும் அதே நேரத்தில் கூப்பிட்டு அவன் பக்கத்திலேயே நிற்க வைத்தீர்கள். உடற்கல்வி ஆசிரியரும் அலுவலக உதவியாளரும் இருந்தார்கள். "இவங்க உன்னை என்னடா பண்ணாங்க, சொல்லு" என்று கேட்டீர்கள். அவன் பேசவில்லை. மறுபடியும் கேட்டீர்கள். "ம்" என்ற சத்தத்தைத் தாண்டி அவனால் வர முடியவில்லை. "பாத்தீங்களா, அவனே ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லி, நான்கு பேரையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டீர்கள். இதை நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அவனும் எழுதிக் காட்டினான். இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஐயா, என் மகனுக்குத் திக்குவாய். சேர்க்கை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், வகுப்பு ஆசிரியைக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறேன். திக்குவாய் எல்லா நேரமும் ஒரே அளவில் இருக்காது. தங்கையோடு விளையாடும்போது அவன் சரளமாகப் பேசுவான். பாட்டு பாடினால் ஒரு இடத்திலும் நிற்காது. அதே பிள்ளை, அவசரப்படுத்தும் ஒருவர் முன்னால், பலர் பார்க்க, உடனே பதில் சொல்ல வேண்டும் என்றால் அடைத்துக்கொண்டு நிற்பான். சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அது வெளியே வராது, அவ்வளவுதான். உங்கள் அறையில் அந்த மூன்று நிலைமையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. போதாததற்கு, யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர்களே கை எட்டும் தூரத்தில் நின்றார்கள். திக்குவாய் இல்லாத பிள்ளைகூட அங்கே வாய் திறந்திருக்காது. என் மகன் பேசாமல் நின்றதை, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டீர்கள். எந்தக் காரணத்துக்காக அவனைக் கேலி செய்கிறார்களோ அதே காரணத்தால் அவன் புகாரும் விழுந்துபோனது.

அடுத்த நாள் மாலை வேனில் அவர்கள் சொன்னது: "ஹெட்மாஸ்டர்கிட்டயே பேச வரல, எங்களப் பத்தி யார்கிட்ட பேசுவ?" கைகுலுக்க வைத்ததன் பலன் இதுதான்.

உங்களுக்கு ஆகஸ்ட் 4 அன்று நான் கொடுத்த குறிப்பை "உணர்ச்சிவசப்பட்டு எழுதினது, ஆதாரம் இல்லை" என்றீர்கள். அது உணர்ச்சிவசப்பட்டு எழுதியது இல்லை. எப்படி எழுதப்பட்டது என்று சொல்கிறேன்.

என் பெரிய நாத்தனார் குடியாத்தம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எழுதியதை அவரிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" நானே கண்ணால் பார்த்தது, பையன் சொன்னது, வேறொருவர் சொன்னது என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்தோம். இந்த மூன்றிலும் சேராத வரிகளை அடித்துவிட்டார். அந்தப் பையன்களுக்கு இவன் மேல் வெறுப்பு என்ற வரி போனது, அவர்கள் மனசு நமக்குத் தெரியாது என்பதால். வீட்டில் வளர்ப்பு சரியில்லை என்ற வரியும் போனது. "பிள்ளை என்ன செஞ்சான்னு எழுதும்மா, அவன் எப்படிப்பட்டவன்னு எழுதாத. செஞ்சதை விசாரிக்க முடியும், எப்படிப்பட்டவன்ங்கறதுக்கு வாதம்தான் நடக்கும்" என்றார். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள் நான். மேல்தோலில் குறை இருந்தால் எந்தத் தையல், எந்த ஜோடி என்று எழுதி ஒட்டினால்தான் லைனில் திருத்துவார்கள், 'வேலை மோசம்' என்று எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது.

கடைசி வரியில் "தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எல்லோரும் எழுதுவது போல நானும் எழுதியிருந்தேன். அதையும் விடவில்லை. "உனக்கு என்ன வேணுமோ அதை எழுது. இல்லன்னா அவங்களுக்கு எது தக்கதோ அதைச் செஞ்சிட்டு முடிஞ்சதுன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

அப்படித் திருத்தி உங்கள் கையில் கொடுத்த குறிப்பு இது. பெயர்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

"ஜூலை 14, திங்கள். வருகைப் பதிவின்போது 'ப்ரெசென்ட் மிஸ்' என்று சொல்ல முடியாமல் என் மகன் நின்றபோது, பின் பெஞ்சில் இருந்து மூன்று மாணவர்கள் 'ப் ப் ப்' என்று சத்தம் எழுப்பினார்கள். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான நாட்கள் இது நடக்கிறது. இதை மகன் எழுதிக் காட்டினான். அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு மாணவனும் தன் தாயிடம் சொல்லியிருக்கிறான்.

ஜூலை 22, செவ்வாய். மதிய உணவு நேரத்தில் அவனுடைய டிபன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, 'நிக்காம உன் பேரைச் சொல்லு, தரோம்' என்றிருக்கிறார்கள். அவனால் முடியவில்லை. மணி அடித்த பிறகு திருப்பித் தந்தார்கள். இது மகன் சொன்னது. அன்று மாலை சாப்பாடு அப்படியே புளித்துப்போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அதே வாரம் அவன் பையின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் 'மோட்டார்' என்று எழுதியிருந்ததையும் பார்த்தேன். எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 31, வியாழன். பள்ளி வேனில் அவனை 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' என்று சொல்லச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து மாணவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அரை நிமிடம்கூட இல்லாத அந்த வீடியோவை நான் பார்த்தேன். அதில் மூன்று பேரின் குரல் கேட்கிறது, இருவரின் முகம் தெரிகிறது. போன் யாருடையது என்று தெரியவில்லை. நகல் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை.

என் மகன் தண்ணீர் பாட்டிலை நிரப்பியபடியே திரும்பக் கொண்டு வருகிறான். பள்ளியில் கழிவறைக்குப் போகப் பயப்படுவதால் தண்ணீர் குடிப்பதில்லை என்கிறான். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று மருத்துவரிடம் காட்டினேன், மருந்துச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன்.

மாணவர்களைத் தனித்தனியாக விசாரிக்கவும், என் மகனை எழுத்தில் பதில் சொல்ல அனுமதிக்கவும், வேனிலும் மதிய உணவு நேரத்திலும் ஒரு பெரியவர் உடன் இருக்கவும், வீடியோவை நீக்கவும், எடுத்த முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான் குறிப்பு. இதில் எந்த வரி உணர்ச்சிவசப்பட்டது என்று தயவுசெய்து காட்டுங்கள். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன். யாரையும் திட்டவில்லை. தனித்தனியாக விசாரியுங்கள் என்பதுதான் முதல் வேண்டுகோள். நான்கு பேரையும் ஒன்றாக நிற்க வைத்தீர்கள். எழுத விடுங்கள் என்று கேட்டேன். பேசு என்றீர்கள். குறிப்பு வந்ததற்கு அத்தாட்சியாக நகலில் ஒரு முத்திரைகூட அலுவலகத்தில் போட்டுத் தரவில்லை, "சார்கிட்ட கொடுத்துடறோம்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

அந்த டிபன் பாக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். திக்குகிற பிள்ளைகள் ஒரு சொல் வராது என்று முன்கூட்டியே தெரிந்தால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிப்பார்கள். 'புத்தகம்' வராவிட்டால் 'நோட்டு' என்பான் என் மகன், 'பரவாயில்ல' வராவிட்டால் 'சரி' என்பான். வகுப்பில் பாதிப் பேருக்கு அவன் எவ்வளவு திக்குகிறான் என்றே தெரியாததற்கு இதுதான் காரணம். ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதனால்தான் திக்குகிற பலருக்கும் சொந்தப் பெயரே மிகக் கடினமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கவனித்துத் தெரிந்துகொண்டார்கள். எங்கே அடைக்கும் என்று தெரிந்து, சரியாக அந்த இடத்தில் சோற்றைப் பணயம் வைத்தார்கள்.

"பசங்க விளையாட்டு" என்றீர்கள். விளையாட்டு என்றால் இன்றைக்கு இவன் மாட்டுவான், நாளைக்கு அவன் மாட்டுவான். ஒருத்தன் போதும்டா என்றால் நிற்கும். முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். இங்கே ஒவ்வொரு நாளும் மாட்டுவது ஒரே ஆள், எதிரில் எப்போதும் மூன்று பேர். அவன் போதும் என்று சொல்லவே முடியாத இடத்தில் அது நடக்கிறது. ஒரு நாள் அடித்துக்கொண்டு மறுநாள் கூடிவிடும் சண்டை என்றால் நான் உங்கள் வாசலுக்கே வந்திருக்க மாட்டேன். இரண்டு பேரும் சம பலத்தில் இருக்கும் சண்டைக்குத்தான் கைகுலுக்கல் பொருந்தும். ஒருவன் பலவீனமாக இருக்கும் இடத்தில் சமாதானம் பேசினால், அவன் தன் புகாரைத் தானே திரும்பப் பெற்றதாகத்தான் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். வேனில் அவர்கள் பேசிய பேச்சு அதைத்தான் காட்டுகிறது.

வேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்துவாச்சாரியில் ஏறினால் கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிப் பக்கம் வந்து சேர நல்ல நாளிலேயே முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரம் ஆசிரியர் யாரும் கிடையாது. வேனில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012-இல் வந்த தமிழ்நாடு பள்ளி வாகன விதிகளே சொல்கின்றன. உங்கள் வேனிலும் ஒரு அக்கா இருக்கிறார். ஆனால் அவர் முன் சீட்டில் கதவோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரை விசாரித்தீர்களா என்பதுதான் என் கேள்வி. இல்லை என்றார் அவர்.

பிரிவு மாற்றத்துக்கு வருகிறேன். 'ஏ' பிரிவில் என் மகனுக்கு இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கும் பிள்ளைகள். தமிழ் ஐயாவும் அந்தப் பிரிவுக்குத்தான் வருகிறார். செய்யுள் ஒப்புவிக்கும்போது ராகத்தோடு சொல்லச் சொல்லி அவனை முழுப் பாட்டையும் சொல்ல வைத்தவர் அவர். இவை எல்லாவற்றையும் அவன் விட்டுவிட்டுப் போக வேண்டும், கேலி செய்தவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். நாற்பது பிள்ளைகள் பார்க்கும் வகுப்பில் இதற்கு என்ன அர்த்தம்? புகார் சொன்னவன் வெளியேற வேண்டும் என்பதுதான். அடுத்த முறை வேறு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அது வாய் திறக்குமா? தவிர, வேன் அதே வேன், மதிய உணவுத் திண்ணை அதே திண்ணை, கழிவறை அதே கழிவறை. பிரிவை மாற்றினால் வருகைப் பதிவு நேரம் ஒன்றுதான் மாறும்.

புகார் கொடுத்த பிறகுதான் பிள்ளைக்கு ஆபத்து அதிகம் என்பதை நம் மாநிலம் பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்த ஒரு மாணவன், பள்ளியில் அதைச் சொன்ன பிறகு வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டான், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகுதான் நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அங்கே சாதி இருந்தது, என் மகன் விஷயத்தில் அது இல்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. புகார் சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யாமல், எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு "இவன் உங்க மேல புகார் கொடுத்திருக்கான்" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்காகச் சொல்கிறேன்.

1997-இல் தமிழ்நாட்டில் வந்த ராகிங் தடைச் சட்டம் மாணவருக்கு உடலளவிலோ மனத்தளவிலோ கேடு செய்வதையும், அவமானப்படுத்துவதையும் ராகிங் என்கிறது. புகார் வந்தால் கல்வி நிறுவனத்தின் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மேல் வீச எனக்கு விருப்பமில்லை. அந்த மூன்று பேரில் ஒருவன் போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் தோசை சாப்பிட்டவன். அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினால் அவன் இதை வேறு பள்ளியில் வேறு பிள்ளையிடம் செய்வான், அவ்வளவுதான். அவன் படிப்பும் கெடும். நான் கேட்பது தண்டனை இல்லை. நிறுத்துவதற்கான ஏற்பாடு.

என்ன ஏற்பாடு என்று சொல்கிறேன்.

முதலாவது, பிரிவு மாற்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். என் மகன் 'ஏ' பிரிவிலேயே இருக்க வேண்டும். யாரையாவது நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் அந்த மூன்று பேரின் இடங்களைப் பிரித்து உட்கார வையுங்கள், வேனில் அவர்களை முன் சீட்டுக்கு மாற்றுங்கள்.

விசாரணையைப் புதிதாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, வேறு வேறு நேரத்தில் கேளுங்கள். 'அடிச்சானா, திட்டினானா' என்று கேட்டால் ஆம், இல்லை என்று தப்பித்துக்கொள்வார்கள். 'அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல என்ன நடந்தது' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் மகனைத் தமிழ் ஐயாவோ வகுப்பு ஆசிரியையோ கேட்கட்டும். அவன் பேசுவானா எழுதுவானா என்பதை அவனே முடிவு செய்யட்டும். பேசினால் அவன் சொல்லை யாரும் முடித்து வைக்க வேண்டாம், 'மெதுவா பேசு', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு' என்றும் சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் போதும், வரும். பார்த்த மாணவர்களையும் வேன் உதவியாளரையும் கேளுங்கள். எந்தப் பிள்ளை எதைச் சொன்னது என்று மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

வீடியோ விஷயத்தை அந்த மாணவர்களின் பெற்றோர் வழியாக முடியுங்கள். எந்தெந்த போனில் இருக்கிறதோ அங்கே பெற்றோர் முன்னிலையில் அழிக்க வேண்டும், குழுவில் இருந்தும் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் என்னிடம் உள்ள நகலை உங்கள் முன்னால் உங்களுக்கு மட்டும் காட்டுகிறேன். ஆதாரம் என்று சொல்லி ஆசிரியர்கள் குழுவில் அதைப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெற்றோரிடம் நான் போய்ப் பேச மாட்டேன். நான் போனால் அது இரண்டு குடும்பச் சண்டையாகிவிடும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது பள்ளி.

மதிய உணவு நேரத்திலும், கழிவறைப் பக்கமும் இடைவேளைகளில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். யார் என்று பெயர் சொல்லி நியமியுங்கள், 'எல்லா ஆசிரியர்களும் கவனிப்பார்கள்' என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏதாவது நடந்தால் என் மகன் போய்ச் சொல்ல ஒரு ஆசிரியரையும் அப்படியே குறிப்பிடுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வேன் உதவியாளர் நடு சீட்டில் உட்காரட்டும்.

வருகைப் பதிவுக்கு அந்த வகுப்பில் எல்லோரும் கையை உயர்த்தினால் போதும் என்று செய்யுங்கள். அவனுக்கு மட்டும் தனிச் சலுகையாகச் செய்தால் அதுவும் கேலிக்கு ஒரு காரணமாகிவிடும். வாசிப்பு, ஒப்புவித்தல் எதிலிருந்தும் அவனை விலக்க வேண்டாம். முதல் நாளே சொல்லி வைத்தால் தயாராக வருவான்.

இந்த மடலுக்கு ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். என்ன விசாரித்தீர்கள், எதைச் செய்கிறீர்கள், யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 4 குறிப்பின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு பள்ளி முத்திரை போட்டுத் தாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறையும், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு முறையும் வகுப்பு ஆசிரியையோடு நான் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். இந்த மாதிரித் தொல்லைகள் பெரியவர்கள் பார்க்கும்போது அடங்கி, கவனம் குறைந்ததும் திரும்ப ஆரம்பிக்கும். தண்ணீர் பாட்டில் காலியாக வருகிறதா, டிபன் பாக்ஸ் சாப்பிட்டு வருகிறதா என்று நான் வீட்டில் குறித்து வைக்கிறேன். பள்ளியில் பார்த்ததை நீங்கள் குறித்து வையுங்கள். இரண்டையும் வைத்துப் பேசலாம்.

பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகளுக்கான அலுவலரிடம் இதே குறிப்பையும் இந்த மடலையும் கொடுப்பேன். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுப்பேன். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் என் மகனின் அறையில் எழுதி ஒட்டியிருக்கின்றன. அங்கெல்லாம் போகும் முன் உங்களிடமே இது தீர வேண்டும் என்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை காலை அவன் 'ஏ' பிரிவில்தான் போய் உட்காருவான். அதற்கு முன் வகுப்பு ஆசிரியைக்கு உங்கள் உத்தரவு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
சத்துவாச்சாரி, வேலூர்